தமிழ் வலைப்பூவில் விளம்பரம் போடுவது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் இருந்து நான் நடத்தும் வலைப்பூ அரசாங்கப் படிவங்களைத் தமிழில் விளக்குவது. பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுப்பது எப்படி, அடையாள அட்டை தொலைந்தால் முதலில் யாரிடம் போவது, கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, இப்படியான பக்கங்கள். கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரங்கள் அதில் ஓடுகின்றன. தாங்களும் எழுதுகிற பலர் இதைப் பற்றி மின்னஞ்சலில் கேட்கிறார்கள். அதிகமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

"அக்கா, எனக்கு மாதம் 15,000 பக்கப் பார்வைதான் வருது. விளம்பரம் போட இது போதுமா?"

போடுவதற்குப் போதும். ஆட்சென்ஸ் குறைந்தபட்ச வாசகர் எண்ணிக்கை எதையும் கேட்பதில்லை. உங்களுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், பக்கங்கள் உங்கள் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும். உண்மையான வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது: கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்.

அந்த 100 டொலருக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை உங்கள் வாசகர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆட்சென்ஸ் அறிக்கையில் Page RPM என்று ஒரு எண் வரும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு எத்தனை டொலர் என்பது அதன் பொருள். கொழும்பில் இருந்து படிப்பவருக்குக் காட்டும் விளம்பரத்தின் விலையும், ரொறன்ரோவில் இருந்து அதே பக்கத்தைப் படிப்பவருக்குக் காட்டும் விளம்பரத்தின் விலையும் ஒன்றல்ல. அங்கே விளம்பரதாரர்கள் அதிகப் பணம் கொடுத்துப் போட்டி போடுகிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலைகளைக் கணக்குக்காக நானாக வைக்கிறேன், உங்களுடையது வேறாக இருக்கும். உங்கள் 15,000 பார்வையில் 12,000 இலங்கையில் இருந்து, ஆயிரத்துக்கு 40 சதம் என்றால் 4.80 டொலர். மீதி 3,000 கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருந்து, ஆயிரத்துக்கு 2.50 டொலர் என்றால் 7.50 டொலர். இரண்டும் சேர்ந்து மாதம் 12.30. அதாவது கணக்கில் 100 டொலர் சேர ஒன்பதாவது மாதம் ஆகும், பணம் கைக்கு வருவது அதற்கு அடுத்த மாதம். மாதா மாதம் 100 டொலர் வேண்டுமென்றால் இதே கலவையில் ஏறக்குறைய 122,000 பக்கப் பார்வை வேண்டும்.

வாசகர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் வருமானத்தில் பாதிக்கு மேல் கொண்டுவருவதைக் கவனியுங்கள். அதற்காக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் எழுதுங்கள் என்று சொல்லவில்லை. என் வலைப்பூவில் "லண்டனில் இருந்துகொண்டு இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது" என்ற ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே இருக்கும் ஒருவருக்கு உண்மையிலேயே தேவையான பக்கம் என்பதால் எழுதினேன். அப்படியான தேவை உங்கள் துறையிலும் இருந்தால் எழுதுங்கள்.

15,000 பார்வையில் நானாக இருந்தால் ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒரே ஒரு விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்வேன். மாதம் 12 டொலருக்காகப் பக்கத்தை நிரப்புவதில் பயன் இல்லை. அனுமதியும் முகவரிச் சரிபார்ப்பும் முடிந்து கிடந்தால், வாசகர்கள் கூடும்போது அலைய வேண்டியிருக்காது.

"தமிழில் எழுதினால் அனுமதி தர மாட்டார்கள் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?"

பழைய கதை. 2018 பெப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழை ஆதரிக்கும் மொழிகளில் சேர்த்துவிட்டது. இப்போது தமிழ் வலைப்பூக்கள் நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் "Low value content" என்ற காரணம் வரும். நான் பார்த்தவரை அதற்குப் பின்னால் மூன்று விஷயங்கள்தான் இருக்கும். ஒன்று, அரச வர்த்தமானியையோ பத்திரிகைச் செய்தியையோ அப்படியே எடுத்துப் போட்டிருப்பது. இரண்டு, நான்கு வரியில் முடிந்துவிடும் பக்கங்கள். மூன்று, பட்டியலில் தலைப்பு இருந்தும் அழுத்தினால் வெறுமையாகக் கிடக்கும் பகுதிகள். இவற்றைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். தனியுரிமைக் கொள்கைப் பக்கமும், உங்களைத் தொடர்புகொள்ளும் வழியும் இருக்கட்டும்.

அனுமதி வந்ததும் உங்கள் தளத்தின் வேர் அடைவில் ads.txt என்ற கோப்பை வைக்கச் சொல்வார்கள். உங்கள் பெயரில் வேறு யாரும் விளம்பர இடம் விற்காமல் தடுப்பதற்காக அது. ஒரே ஒரு வரிதான்:

```
google.com, pub-0000000000000000, DIRECT, f08c47fec0942fa0
```

பூச்சியங்களுக்குப் பதிலாக உங்கள் கணக்கின் எண்ணைப் போடுங்கள். கடைசியில் உள்ள எழுத்துக் கோவை எல்லோருக்கும் ஒன்றுதான், அதை மாற்ற வேண்டாம்.

"10 டொலர் சேர்ந்தபோது கடிதம் அனுப்பியதாகச் சொன்னார்கள். ஒரு மாதமாகியும் வரவில்லை."

அந்தக் கடிதத்தில் ஒரு இரகசிய எண் இருக்கும். உங்கள் முகவரி உண்மைதானா என்று பார்ப்பதற்காக அனுப்புகிறார்கள். சாதாரணத் தபால்தான், இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். வராவிட்டால் கணக்குக்குள் போய் இன்னொரு கடிதம் கேட்கலாம். ஆனால் முதல் எண் உருவாக்கப்பட்டதில் இருந்து நான்கு மாதத்துக்குள் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் விளம்பரங்கள் நின்றுபோகும்.

கொழும்பில் கடிதம் தொலைவதற்குப் பெரும்பாலும் முகவரிதான் காரணம். ஒழுங்கையின் பெயரும் வீட்டு இலக்கமும் மட்டும் போட்டுவிட்டு, மாடிக் குடியிருப்பின் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். இலக்கம், மாடி, ஒழுங்கை, பிரதான வீதி, கொழும்பு 06, அஞ்சல் குறியீடு 00600 என்று முழுதாக எழுதுங்கள். தபால்காரரிடமும், கட்டடத்தின் காவலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எனக்கு இரண்டாவது கடிதம் கிடைத்தது கீழ்மாடிக் காவலாளி எடுத்து வைத்ததால்தான்.

"ஒரு பக்கத்தில் எத்தனை விளம்பரம் வைக்கலாம்? எங்கே வைப்பது?"

ஆட்சென்ஸ் எண்ணிக்கை எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் எழுத்தைவிட விளம்பரம் அதிகமாக இருக்கக்கூடாது என்பதுதான் அவர்களுடைய விதி. இன்னும் தெளிவான அளவு ஒன்று இருக்கிறது. கைபேசியில், கட்டுரைப் பகுதியின் மொத்த உயரத்தில் விளம்பரங்களின் உயரம் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று நல்ல விளம்பரங்களுக்கான கூட்டமைப்பு வரையறுத்திருக்கிறது. அந்த வரையறைகளை அடிக்கடி மீறும் தளங்களில் குரோம் உலாவி விளம்பரங்களையே காட்டாமல் விட்டுவிடும். 2019 ஜூலையில் இருந்து இது உலகம் முழுவதற்கும் பொருந்துகிறது.

30 வீதம் என்பது தாண்டக்கூடாத மதில். அதன் அருகில் போய் நிற்கவே தேவையில்லை. என் பிறப்புச் சான்றிதழ்ப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் கட்டுரைப் பகுதி ஏறக்குறைய 4,200 பிக்சல் உயரம். 250 பிக்சல் உயரமான மூன்று விளம்பரங்கள் வைத்திருக்கிறேன். மொத்தம் 750, அதாவது 18 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. படிப்பவருக்கு ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இடையில் ஒரு திரைக்கு மேல் வெறும் எழுத்து கிடைக்கிறது.

இடம் எண்ணிக்கையைவிட முக்கியம். அந்தப் பக்கத்தின் தலைப்புக்குக் கீழே முதலில் விடை வரும்: எந்த அலுவலகம், என்ன ஆவணம், எவ்வளவு நேரம் ஆகும். பிரதேச செயலக வரிசையில் நின்றுகொண்டே போனில் பார்ப்பவர்கள் பலர். அவர்களுக்கு வேண்டியது அந்த நாலு வரிதான். அதற்கு மேலே விளம்பரம் வைத்தால் அவர்கள் திரையில் முதலில் தெரிவது விளம்பரமாகவே இருக்கும். ஆகவே என் முதல் விளம்பரம் விடை முடிந்த பிறகு வருகிறது. இரண்டாவது, தேவையான ஆவணங்களின் பட்டியல் முடிந்து படிமுறைகள் தொடங்குவதற்கு முன். படிமுறைகளுக்கு நடுவில் ஒன்றுகூட இல்லை. ஐந்தாவது படிக்கும் ஆறாவது படிக்கும் இடையில் விளம்பரம் வந்தால், அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாசகர் அப்படித்தான் கையெழுத்துப் போடாமல் படிவத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாவது, கட்டுரை முடிந்து தொடர்புடைய பக்கங்களுக்கு முன்.

ஒவ்வொன்றின் தலையிலும் "விளம்பரம்" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன். "பயனுள்ள இணைப்புகள்" போன்ற தலைப்பு வேண்டவே வேண்டாம், அது விதிமீறல். பின்னணி நிறத்தை என் எழுத்துப் பகுதியின் நிறத்தோடு கலக்காமல் வேறுபடுத்தி வைத்திருக்கிறேன்.

"ஒரு இடத்தில் வைத்த விளம்பரத்துக்கு மட்டும் கிளிக் அள்ளிக்கொண்டு போகிறது. அதே மாதிரி இன்னும் வைக்கலாமா?"

வைக்க வேண்டாம். முதலில் அந்த விளம்பரத்துக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று போனில் திறந்து பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில், "படிவத்தைத் தரவிறக்க" என்ற இணைப்புக்கு நேர் மேலே ஒரு விளம்பரம் வைத்தேன். எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும் என்பது என் எண்ணம். மற்ற இடங்களில் CTR, அதாவது நூறு பேர் பார்த்தால் எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்பது, ஒரு வீதத்துக்குக் கீழே இருந்தது. இங்கே ஆறைத் தாண்டியது. அந்த மாதம் வருமானம் இரட்டிப்பானது. நல்ல இடம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு பெண் எழுதினார். அவருடைய அப்பா படிவம் எடுக்க என் பக்கத்துக்கு வந்திருக்கிறார். விளம்பரத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக Download என்று ஒரு பொத்தான். அதை அழுத்தியிருக்கிறார். படிவம் வரவில்லை, ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொல்லும் பக்கம் வந்திருக்கிறது. அது கேட்டதையெல்லாம் கொடுத்து, கடைசியில் வங்கி அட்டை இலக்கத்தையும் கேட்டபோதுதான் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். "உங்கள் தளத்தை நம்பித்தானே அப்பாவை அனுப்பினேன்" என்று அவர் எழுதிய வரி இன்னும் எனக்கு மனப்பாடம். விளம்பரதாரர் யாரோ, நான் அவர்களை அழைக்கவில்லை என்று பதில் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். அந்தப் பொத்தானை அந்த இடத்தில் காட்டியது என் பக்கம்தான்.

அன்றே அந்த விளம்பரத்தை எடுத்தேன். மாத முடிவில், கணக்கில் தெரிந்த தொகையில் ஒரு பகுதி செல்லாத கிளிக் என்று கழிக்கப்பட்டிருந்தது. தவறுதலாக அழுத்திவிட்டு உடனே பின்னால் போகிறவர்களைக் கூகுள் கண்டுபிடித்து, அந்தப் பணத்தை விளம்பரதாரருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இது தொடர்ந்தால் உங்கள் தளத்தில் காட்டும் விளம்பரங்களுக்கே கட்டுப்பாடு போடுவார்கள், கணக்கும் மூடப்படலாம்.

ஆகவே ஒரு இடத்தின் CTR மற்ற இடங்களைவிடப் பல மடங்கு உயர்ந்தால் அதை நோயின் அறிகுறியாக எடுங்கள். மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் இது நடக்கும்: தரவிறக்கும் இணைப்புக்குப் பக்கத்தில், "அடுத்த பக்கம்" பொத்தானுக்குப் பக்கத்தில், படங்களுக்கு ஒட்டினாற்போல். இப்போது என் பக்கங்களில் எந்தத் தரவிறக்க இணைப்புக்கும் மேலேயும் கீழேயும் ஒரு முழுத் திரைக்கு விளம்பரம் கிடையாது. இணைப்பிலும் "பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பப் படிவம், பிடிஎப், 2 பக்கம்" என்று முழுதாகத் தமிழில் எழுதுகிறேன். வெறும் ஆங்கிலப் பொத்தானோடு குழம்ப இடமில்லை.

"படித்துக்கொண்டிருக்கும்போது பக்கம் குதிக்கிறது என்று வாசகர்கள் திட்டுகிறார்கள்."

எழுத்து முதலில் வந்துவிடுகிறது, விளம்பரம் இரண்டு செக்கன் கழித்து வருகிறது. வந்ததும் தனக்கு இடம் வேண்டுமென்று எழுத்தைக் கீழே தள்ளுகிறது. வாசகர் ஒரு இணைப்பை அழுத்தப் போகிற நேரத்தில் அது நடந்தால், விரல் விளம்பரத்தில் விழும். போன கேள்வியில் சொன்ன தவறான கிளிக் இப்படியும் வரும்.

மருந்து எளிது. விளம்பரம் வருமுன்பே அதற்கான இடத்தை ஒதுக்கிவிடுங்கள்:

```css
.vilambaram {
  min-height: 280px;
  margin: 32px 0;
}
```

250 பிக்சல் விளம்பரத்துக்கு, மேலே உள்ள "விளம்பரம்" என்ற வரிக்கு மீதி. விளம்பரக் குறியீட்டை இந்த வகுப்புள்ள ஒரு பெட்டிக்குள் வையுங்கள். அளவையும் 300க்கு 250 என்று நிலையாக வைத்துவிடுங்கள். தானாக அளவு மாறும் விளம்பரத்தை வைத்தால் ஒதுக்கிய இடத்தைவிட உயரமாக ஒன்று வந்து மறுபடியும் தள்ளிவிடும். சில நேரம் விளம்பரமே வராமல் பெட்டி வெறுமையாக இருக்கும். இருக்கட்டும், குதிப்பதைவிட வெற்றிடம் மேல்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க PageSpeed Insights தளத்தில் உங்கள் பக்க முகவரியைக் கொடுங்கள். பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதைக் காட்டும் CLS என்ற எண் 0.1 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். விளம்பரம் எல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்காவிட்டால் உங்கள் தமிழ் எழுத்துருவைப் பாருங்கள். முதலில் போனின் சொந்த எழுத்துருவில் வரிகள் தெரிந்து, பிறகு நீங்கள் வைத்த எழுத்துரு வந்து இறங்கும்போது வரிகளின் நீளம் மாறி எல்லாம் நகரும். என் பக்கத்தில் பாதிக் குதிப்பு அதனால்தான் வந்தது.

"தானியங்கி விளம்பரங்களைப் போட்டுவிட்டால் கூகுளே இடத்தைப் பார்த்துக்கொள்ளும்தானே?"

பார்த்துக்கொள்ளும், ஆனால் உங்கள் படிமுறைப் பட்டியல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. நான் கட்டுரைக்குள் தானியங்கி இடங்களை அணைத்துவிட்டேன். முழுத் திரையை மூடும் வகையையும் அணைத்துவிட்டேன். திரையின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன விளம்பரம் மட்டும் சில பக்கங்களில் இருக்கிறது, அதை வாசகரே மூடிவிடலாம்.

"என் தளத்தில் வசியம், ஒரே வாரத்தில் பணக்காரர் ஆகலாம் என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது."

ஆட்சென்ஸுக்குள் Blocking controls என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே உணர்வுபூர்வமான வகைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். மாந்திரீகம், சோதிடம், சீக்கிரம் பணக்காரர் ஆவது, எடை குறைப்பு, மருந்து, டேட்டிங் எல்லாம் அதில் இருக்கும். வேண்டாததை அணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது உங்கள் வருமானத்தில் எத்தனை வீதம் என்றும் தெரியும், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வகையை அணைத்தும் தப்பி வருபவை இருக்கும். அவற்றுக்கு Ad review center. உங்கள் தளத்தில் காட்டப்பட்ட விளம்பரங்களைப் படமாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணித்தியாலம் இதற்கு ஒதுக்குகிறேன். வாசகர் ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் அன்றே தேடித் தடுத்துவிட்டு அவருக்குச் சொல்கிறேன்.

எனக்குத் தனியாக ஒரு கவலை இருக்கிறது. கடவுச்சீட்டுப் பக்கத்துக்கு வருகிறவர்களில் வெளிநாட்டு வேலைக்குப் போகத் துடிப்பவர்கள் அதிகம். அங்கே வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வந்து விழும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் யாராக இருந்தாலும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இதை என் எழுத்திலேயே சொல்லி, பணியகத்தின் தளத்தில் முகவரின் பெயரைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தில் விளம்பரம் ஒன்றுதான். வருமானம் குறைவுதான், ஆனால் கொட்டாஞ்சேனை மடல் போல இன்னொன்று வர நான் விரும்பவில்லை.

"சொந்தக்காரர்களை வாட்ஸ்அப்பில் கிளிக் பண்ணச் சொன்னால் என்ன?"

கணக்கு போய்விடும். நீங்களே அழுத்துவதும், "ஆதரவு தர விளம்பரத்தை அழுத்துங்கள்" என்று எழுதுவதும், குடும்பக் குழுவில் சொல்வதும் ஒன்றுதான். ஒரே வீட்டு வைஃபையில் இருந்து வரும் கிளிக் தெரிந்துவிடும். மூடப்பட்ட கணக்கைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

"லண்டன் வாசகர்களிடம் குக்கி அனுமதி கேட்க வேண்டுமாம். நான் கொழும்பில்தானே இருக்கிறேன்?"

எழுதுபவர் எங்கே இருக்கிறார் என்பதை அந்த விதி பார்ப்பதில்லை, படிப்பவர் எங்கே இருக்கிறார் என்றுதான் பார்க்கிறது. 2024 ஜனவரி 16 முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலும் பிரித்தானியாவிலும் உள்ள வாசகர்களுக்கு, கூகுள் சான்றளித்த அனுமதிப் பெட்டி மூலம் சம்மதம் கேட்ட பிறகே ஆளுக்கேற்ற விளம்பரம் காட்டலாம். 2024 ஜூலை 31 முதல் சுவிற்சர்லாந்தும் சேர்ந்துகொண்டது. லண்டன், பாரிஸ், சூரிச் என்று நம் ஆட்கள் இருக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். நம்மில் பலருக்கு நல்ல விலை கொடுக்கும் பார்வைகளே அவைதான்.

செலவில்லை. ஆட்சென்ஸில் Privacy & messaging பகுதியில் ஆயத்தமான பெட்டி இருக்கிறது, அந்த நாடுகளில் உள்ளவர்களுக்கு மட்டும் தோன்றும். பெட்டியில் "சம்மதம் இல்லை" என்பதற்கும் "சம்மதம்" என்பதன் அதே அளவு பொத்தானைக் கொடுங்கள். மறுக்கும் வழியை இரண்டாவது திரையில் ஒளித்துவைத்தால் சம்மதம் கூடும் என்று சொல்வார்கள். நான் அதைச் செய்யவில்லை.

"மீடியாவைன், ரேப்டிவ் போன்ற விளம்பர நிறுவனங்கள் அதிகம் தருகிறார்களாமே. எவ்வளவு வந்தால் மாறலாம்?"

மீடியாவைன் பல ஆண்டுகளாக மாதம் 50,000 செஷன் கேட்டது. ரேப்டிவ், ஆட்திரைவ் என்ற பழைய பெயரில் இருந்தபோது, 100,000 பக்கப் பார்வை கேட்டது. பிறகு இரண்டு நிறுவனங்களும் தங்கள் வரம்புகளை மாற்றிவிட்டன, விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் தளத்திலேயே பாருங்கள். செஷனும் பக்கப் பார்வையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஒருவர் வந்து மூன்று பக்கம் பார்த்தால் ஒரு செஷன், மூன்று பக்கப் பார்வை.

ஆனால் எண்ணிக்கை இருந்தாலும் நமக்குக் கதவு குறுகல். இவர்களின் விளம்பரதாரர்கள் வட அமெரிக்க, பிரித்தானிய வாசகர்களையும் ஆங்கில எழுத்தையும்தான் பெரிதும் தேடுகிறார்கள். வாசகர்களில் பெரும்பாலோர் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் தமிழ்த் தளத்துக்கு ஆட்சென்ஸ்தான் நடைமுறையில் உள்ள வழி. நேரம் இருந்தால், உங்கள் வாசகர்களுக்குப் பொருந்தும் ஒரு உள்ளூர்க் கடையிடமோ மொழிபெயர்ப்பாளரிடமோ நேரடியாக ஒரு சின்னப் பதாகை விற்றுப் பாருங்கள். அப்படி விற்றால் அது பணம் பெற்ற விளம்பரம் என்று எழுதி, இணைப்பில் rel="sponsored" சேர்க்க வேண்டும்.

"பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எப்படி வரும்? வரி கட்ட வேண்டுமா?"

வங்கிப் பரிமாற்றமாக வரும். வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடும் கணக்கு இலக்கமும் வேண்டும், ஆட்சென்ஸ் கணக்கில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாதம் உழைத்தது அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் திகதிக்குள் அனுப்பப்படும். வங்கி ஒவ்வொரு வரவுக்கும் கட்டணம் எடுக்குமானால், 100 டொலருக்கு ஒருமுறை எடுப்பதைவிட ஆட்சென்ஸில் பணம் அனுப்பும் வரம்பை 300 ஆக உயர்த்தி வைப்பது மிச்சம். டொலராகவே வைத்திருக்க விரும்பினால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறப்பது பற்றி வங்கியில் கேளுங்கள்.

வரி பற்றி: வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நீங்கி, அதிகபட்சம் 15 வீதம் என்று ஆகியிருக்கிறது. தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை நிவாரணம் உண்டு, ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் சம்பளமும் சேரும். மாதா மாதம் வந்த தொகையையும் வங்கிக் கடிதத்தையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

"விளம்பரம் போட்ட பிறகு வாசகர்கள் குறைந்தது போல இருக்கிறது. விளம்பரத்தால்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அது புத்தாண்டு விடுமுறைக்கும், பரீட்சைக் காலத்துக்கும், கூகுள் தேடலில் ஏற்படும் மாற்றத்துக்கும் ஏறி இறங்கும். நீங்கள் பார்க்க வேண்டியது திரும்பி வருபவர்களை. அதிகம் படிக்கப்படும் பத்துப் பக்கங்களை எடுங்கள். கூகுள் அனலிட்டிக்ஸில், விளம்பரத்துக்கு முன் 28 நாள், பின் 28 நாள், இரண்டிலும் திரும்பி வந்தவர்களின் பங்கையும், ஒருவர் சராசரியாகப் பக்கத்தில் இருந்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். புதியவர்கள் வழக்கம் போல வந்து, திரும்பி வருபவர்கள் மட்டும் குறைந்திருந்தால் சந்தேகம் விளம்பரத்தின் மேல்.

அப்புறம் ஒரு விளம்பரத்தை மட்டும் இரண்டு வாரம் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். நான் அப்படி ஒருமுறை, கட்டுரைக்குள் இருந்த நான்காவது விளம்பரத்தை எடுத்தேன். அந்தப் பக்கங்களின் வருமானம் கொஞ்சம் இறங்கியது, பக்கத்தில் இருக்கும் நேரம் பழைய நிலைக்கு வந்தது. நான்காவதைத் திரும்ப வைக்கவில்லை. இந்தச் சோதனையை டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடிக்காதீர்கள். ஆண்டு முடிவில் விளம்பர விலை ஏறி, ஜனவரியில் சட்டென்று இறங்கும். அதை உங்கள் மாற்றத்தின் விளைவு என்று தவறாக எண்ணிவிடுவீர்கள்.